பத்தாம் நாளிலிருந்து எண்ணுவோம்

பாடசாலை வாணி விழா மேடைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் பேசியிருக்கிறேன். துர்க்கை வீரத்துக்கும், இலக்குமி செல்வத்துக்கும், சரஸ்வதி கல்விக்கும் உரியவர்கள் என்றும், அவர்களுக்கு மும்மூன்று இரவுகளாக ஒன்பது இரவுகள் வகுக்கப்பட்டன என்றும் ஆண்டுதோறும் மாணவருக்கு எடுத்துரைத்தேன். பேச்சு முடிந்ததும் வீட்டுக்கு வருவேன். கைகால் அலம்பி, திருநீறு பூசி, பூசையறையின் முன் நிற்பேன். விளக்கு எரியும்; கும்பம் பூவோடு பொலியும்; தட்டத்தில் கடலையோ அவலோ படைத்திருக்கும். அவையெல்லாம் எவ்வாறு அங்கே வந்தன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய காலம் 2022ஆம் ஆண்டில் வந்தது. பொருள்களின் விலை மாதந்தோறும் ஏறிக்கொண்டிருந்த ஆண்டு அது. நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள்கள் இருக்கையில் என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குச் சென்றால் பொழுது சாயும் வேளையில்தான் திரும்புவார்கள். ஓய்வு பெற்று வீட்டிலிருந்தவன் நான் ஒருவனே. "இம்முறை பூசைப் பொறுப்பு என்னுடையது" என்று பெருமையோடு கூறினேன். அந்தப் பெருமை நான்கு நாள்களே நிலைத்தது.

முதலிரவில் சர்க்கரைப் பொங்கல், வடை, கடலை என மூன்று வகையும் படைத்தேன். அயலார் வியந்தனர். இரண்டாமிரவில் இரண்டு வகை. மூன்றாமிரவில் கடையில் வாங்கிய அவலும் வாழைப்பழமும். நான்காமிரவுக்கென முதல்நாள் இரவே கடலையை ஊறவிட்டுப் படுத்தேன். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தபோது நீரின்மேல் நுரை கட்டியிருந்தது. கையில் அள்ளினால் வழுவழுத்தது. புளித்த மணம் மூக்கில் ஏறியது. அடுப்படி வாயிலில் கைக்கட்டோடு நின்ற மனைவி, "உதைக் காலமை ஊறப் போட்டிருக்க வேணும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே" என்றாள். பொழுதோ பட்டுக்கொண்டிருந்தது. பாடம் படித்துக்கொண்டிருந்த பேத்தியை எழுப்பித் தேங்காய் துருவச் சொன்னேன். அன்றிரவு பூசை முடிந்தபின் அவள் புத்தகத்தின்மேல் தலை சாய்த்து உறங்கிப்போனதைக் கண்டேன். கலைமகளை வேண்டி நாம் எடுக்கும் விழா, வீட்டில் கற்கும் ஒரு பெண்பிள்ளையின் படிப்பைத் தின்கிறதே என்ற எண்ணம் அப்போதுதான் என்னைத் தைத்தது.

இதனினும் கொடியதொன்று ஒன்பதாம் நாள் நிகழ்ந்தது. எங்கள் ஊரில் பல வீடுகளில் மண் பரப்பி, நவதானியம் விதைத்து, அதன்மேல் கும்பம் வைப்பது வழக்கம். விழா முடிவதற்குள் முளை பசுமையாக எழுந்து கும்பத்தைச் சூழ்ந்து நிற்கும். அவ்வாண்டு எங்கள் கும்பத்தடியில் அங்குமிங்குமாகச் சில முளைகளே தோன்றின; மற்றிடமெல்லாம் மண் கறுத்துக் கிடந்தது. பூசைக்கு வந்த உறவினர் ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரிக்குக் கை முறிஞ்சதும் சும்மாவே?" என்றார். அவர் தீய எண்ணத்தோடு சொன்னாரல்லர். ஆனால் என் மனைவி அன்றிரவு உணவருந்தவில்லை. தன் விரதத்தில் எங்கோ பிழை நேர்ந்துவிட்டதென்று அவள் நம்பிவிட்டாள்.

பிழை விரதத்தில் இல்லை, விதையில் என்பதை எனக்குக் காட்டியவர் அடுத்த ஒழுங்கையிலுள்ள முதியவள் ஒருத்தி. தோட்டக்காரக் குடும்பத்தில் வளர்ந்தவர். மிச்சமிருந்த நவதானியப் பொதியைக் கையிற் கொட்டிப் பார்த்து, "தம்பி, உது விதையில்லை, சமையற் சாமான்" என்று சிரித்தார். அவர் காட்டிய பின்னரே நானும் கண்டேன். துவரை பருப்பாக உடைக்கப்பட்டிருந்தது. உழுந்து கோது நீக்கி வெண்மையாக இருந்தது. இரண்டாகப் பிளந்த பருப்பு எத்தனை நாள் மண்ணிற் கிடந்தாலும் முளைக்காது. நெல்லுக்குப் பதிலாக அரிசி இடுவோரும் உண்டு. அதன் கதியும் அதுவே. எஞ்சிய தானியங்களுள் பல, எத்தனை மாதம் கடையிற் கிடந்தனவோ, உயிர் ஓய்ந்த விதைகள். இவை போதாவென்று நானும் என் பங்கைச் செய்திருந்தேன். அடியில் துளையில்லாத பித்தளைத் தாம்பாளத்தில் மண்ணிட்டு, பக்தி மிகுதியால் நாளுக்கு மூன்று தரம் நீர் வார்த்தேன். முளைக்கத் தொடங்கிய சிலவும் அழுகிவிட்டன. மண்ணிலிருந்து எழுந்த சேற்று நாற்றமே அதற்குச் சான்று; சாம்பிராணிப் புகையில் அதை நான் உணரவில்லை.

அடுத்த ஆண்டு முதல் அவர் சொன்னபடி செய்கிறோம். விழாவுக்குப் பத்து நாள் முன்பாகவே நெல், கோதுமை, துவரை, பயறு, உழுந்து, கடலை, மொச்சை, எள், கொள்ளு ஆகிய ஒன்பதையும் உடையாத, தோலோடு கூடிய முழு மணிகளாகத் தேடி வாங்குகிறோம். ஒவ்வொன்றிலும் பத்து மணி எடுத்து, ஈரத்துணியிற் சுற்றி வைத்து, நான்காம் நாள் பிரித்து எண்ணுகிறோம். பத்துக்கு ஏழேனும் முளை காட்டினால் அது விதை. அதற்குக் குறைந்தால் வேறிடத்தில் வாங்க இன்னும் நாள் இருக்கிறது. தேறிய விதையை அமாவாசை இரவு ஊறவைத்து, மறுநாள் காலை கும்பம் வைக்கும்போது விதைக்கிறோம். அடியில் துளையிட்ட மண்சட்டியில், மணல் கலந்த மண்ணில், நாளுக்கொருமுறை கையால் நீர் தெளித்தாற் போதும். மூன்றாம் நாள் பயறு தலை நீட்டும். நெல் சற்றுப் பிந்தும். பூசையறை இருட்டாயிருந்தால் முளை மஞ்சளாக, நெடிதாக வளரும். அது வெளிச்சக் குறைவேயன்றித் தீக்குறி அன்று. பகலில் இரண்டு மணி நேரம் யன்னலைத் திறந்துவைத்தால் பசுமை ஏறும். ஒரு பெண்ணின் மனத்தை ஓராண்டு வருத்திய கேடு, ஈரத்துணியிற் பத்து மணி வைத்துப் பார்க்காத சோம்பலால் வந்தது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கடலையின் கதையும் இத்தகையதே. இரவில் ஊறவைக்கும் வழக்கம் காலையிற் சமைப்போருக்கு உரியது. இரவு ஒன்பது மணிக்கு ஊறவைத்துக் காலை ஆறு மணிக்கு அவித்தால் ஒன்பது மணி நேரம். அதுவே சரியான அளவு. நவராத்திரிப் பூசையோ மாலைக்கு உரியது. இரவில் ஊறியது மாலை வரை கிடந்தால் இருபது மணி நேரம் ஆகிவிடுகிறது. புரட்டாதி வெக்கையில் அது புளிக்காமல் என்ன செய்யும்? காலை ஏழு மணிக்கு, எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் புறப்படும்போது ஊறவைத்து, மாலை நான்கரைக்கு அடுப்பிலேற்றினால் ஆறரைப் பூசைக்குக் கடலை பதமாக இருக்கும். உப்பை அது மெத்தென்றானபின் இடவேண்டும். தேங்காயைப் படைப்பதற்குச் சற்று முன்னரே சேர்க்கவேண்டும். தேங்காய் சேர்ந்த கடலை நெடுநேரம் தாங்காது. பூசைக்கு வராத வீட்டாருக்கு மறுநாள் கொடுத்தனுப்புவோம் என்று மூடி வைத்தால் அது பிரசாதமாகச் செல்லாது, வயிற்றுவலியாகச் செல்லும். பயற்றுக்கோ இத்தனை கணக்கு வேண்டியதில்லை. இலேசாக வறுத்து அவித்தால் ஊறாமலே அரைமணியில் வெந்துவிடும். ஆகையால் ஊறவைக்க மறந்த நாளுக்குக் கைகொடுப்பது பயறே.

இவற்றை ஒவ்வொன்றாகக் கற்றபின் எனக்கு விளங்கிய உண்மை ஒன்றுண்டு. நாம் நவராத்திரியை முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். முதல் நாளிற் செல்வமும் உற்சாகமும் உடல்வலியும் நிறைய இருப்பதால் அன்றைக்கே அனைத்தையும் செலவிட்டுவிடுகிறோம். ஐந்தாம் நாள் களைப்பு. ஏழாம் நாள் கடன். சரஸ்வதிக்கு உரிய கடைசி மூன்று இரவுகளில், வீட்டிலே மிக இன்றியமையாத பூசை நடக்கும் வேளையில், எஞ்சுவது சலிப்பு. விழாவின் முடி பத்தாம் நாளாகிய விசயதசமி. அன்றுதான் குழந்தைக்கு ஏடு தொடக்குகிறோம். அன்றுதான் பூசையில் வைத்த நூல்களை எடுத்துப் படிக்கிறோம். ஆகவே திட்டமும் பத்தாம் நாளிலிருந்து பின்னோக்கி எழுதப்படவேண்டும் என்பதே என் வாதம்.

இதைக் கருத்தளவிற் கூறாமல், 2025ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் நடந்தவாறே கூறுகிறேன். இளைய பேரனுக்கு மூன்று வயது நிறைந்திருந்தது. விசயதசமியன்று காலை அவனுக்கு ஏடு தொடக்குவதென்று குருக்களிடம் நேரம் கேட்டு வைத்தோம். பஞ்சாங்கத்தைப் புரட்டியபோதே முதற் சிக்கல் எழுந்தது. விழா செப்டெம்பர் 22, திங்கட்கிழமை தொடங்கியது. விசயதசமி ஒக்டோபர் 2, வியாழக்கிழமை. இடையிலுள்ள இரவுகளை எண்ணினால் ஒன்பதன்று, பத்து!

இது பஞ்சாங்கத்தின் பிழையன்று. திதி என்பது சந்திரனின் நடையால் அளக்கப்படுவது. அது சில வேளை ஒரு நாளினும் குறுகும், சில வேளை நீளும். நீளும்போது ஒரே திதி இரண்டு சூரிய உதயங்களைத் தொட்டுவிடும். அந்த ஆண்டில் ஓரிரவு மிகும். குறுகும்போது ஓரிரவு மறையவும் கூடும். நம் நாட்டில் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குவதால் இந்தக் கணக்கில் இரண்டும் ஒரோவழி வேறுபடுவதும் உண்டு. எனவே சென்ற ஆண்டுப் பட்டியலை அப்படியே எடுத்துவைத்து ஒன்பது நாளுக்குப் பொருள் வாங்குபவர், பத்தாமிரவில் வெறுந்தட்டோடு நிற்பார். நான் ஒக்டோபர் 2ஆம் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். 1ஆம் திகதி, செப்டெம்பர் 30, 29 ஆகிய மூன்றிரவும் சரஸ்வதிக்கு. அவற்றை அசைக்கலாகாது. மிகுந்த ஓரிரவு முன்னே எங்கேனும் எளிய படையலோடு அடங்கிவிடும்.

பின்பு உழைப்பு மிக்க நாள்களைத் தேர்ந்தோம். மூன்றுக்கு மேல் வேண்டாமென்பது மனைவியின் கட்டளை. கடைசியிரவு சர்க்கரைப் பொங்கலும் வடையும். வெள்ளிக்கிழமையாகிய 26ஆம் திகதி பொங்கல் மட்டும். எல்லாரும் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகிய 28ஆம் திகதி மோதகம். மற்றைய ஏழிரவும் ஒரே ஒரு வகை. திங்கள் அவல், செவ்வாய் கடலை, புதன் பயறு, வியாழன் மீண்டும் அவல், சனி கௌபி, அடுத்த திங்கள் கடலை, செவ்வாய் அவித்த கச்சான். கடினமான ஒவ்வொரு நாளுக்கும் முந்திய நாளும் பிந்திய நாளும் எளியனவாய் இருத்தல் வேண்டும் என்ற ஒரே விதியை மட்டுமே கைக்கொண்டோம். அந்த விதியாற்றான் வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவே ஒரு சனிக்கிழமை மூச்சுவிட வைத்தது.

அளவையும் முன்னரே தீர்மானித்தோம். வீட்டார் அறுவரும், மாலையில் வரும் அயலாருமாகப் பதினைந்து பேருக்குக் குறையாது. முந்நூறு கிராம் கடலை ஊறி வெந்தால் இருமடங்குக்கு மேலாகும். தலைக்கு ஒரு கைப்பிடி வரும். பிரசாதத்துக்கு அதுவே போதும். பொங்கலுக்கு அரைக் கிலோ பச்சையரிசி, நூறு கிராம் வறுத்துக் கோதுடைத்த பயறு, அரைக் கிலோ சர்க்கரை, ஒரு தேங்காய். 2022இல் நான் முதலிரவில் ஒரு கிலோ அரிசியிற் பொங்கி, மறுநாள் பாதியை மாட்டுக்கு வைத்தேன். பட்டினியோடு ஒரு நாட்டின் மக்கள் போராடிய ஆண்டில் அதைச் செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சந்தைக்கு மூன்று தரம் மட்டுமே சென்றோம். முதற்பயணம் விழாவுக்குப் பத்து நாள் முன். விதை, கடலை, பயறு, கௌபி, அவல், சர்க்கரை, நல்லெண்ணெய், கற்பூரம் முதலிய கெடாப் பொருள்களுக்கு. மோதகத்துக்கு வேண்டிய அரிசிமாவை அந்த வாரத்திலேயே வறுத்து, ஆறவைத்து, இறுக மூடினோம். சூடு தணியுமுன் மூடினால் உள்ளே வியர்த்து மா கட்டிபடும் என்பதையும் அறிந்துகொண்டோம். இரண்டாம் பயணம் விழாவுக்கு முதல்நாள். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மாவிலை, முதலிரு நாள்களுக்கான பழம். மூன்றாம் பயணம் 28ஆம் திகதி காலை. கடைசி மூன்றிரவுக்குமான பூவும் பழமும். சரஸ்வதி பூசைக்கு முந்திய நாளில் எல்லாரும் சந்தைக்குச் செல்வார்கள். அன்றைய விலையை விற்பவர் சொல்ல நாம் கேட்கவேண்டியதுதான். இரண்டு நாள் முந்தினால் அந்த நெருக்கடி இல்லை.

வாழைக்குலையைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. நீர்வேலியிலிருந்து ஒரு கதலிக்குலை வாங்குவது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் குலை முழுவதையும் புகைபோட்டுப் பழுக்கவைப்போம். அது ஒருநாட் கலியாணத்துக்கு ஏற்ற முறை. குலையெல்லாம் ஒரே நாளிற் பழுக்கும், நான்கு நாளிற் கறுத்து உதிரும். நவராத்திரிக்கு வேண்டியது ஒரே நாட் பழுப்பன்று, நாளுக்கொரு சீப்பு. முற்றிய காய்க்குலையைப் புகைபோடாமல் நிழலிற் கட்டித் தொங்கவிட்டால், தண்டின் மேற்புறச் சீப்பு முதலிற் கனிந்து, கீழ்ச்சீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மேலிருந்து வெட்டிக்கொண்டே போகலாம். வாழை தானே ஒரு நாட்காட்டியாக நமக்கு உதவுகிறது. நாம்தான் அதைப் புகையிட்டுக் குழப்புகிறோம். பூவும் அப்படியே. செவ்வரத்தை அன்று காலை மலர்ந்து அன்றே வாடுவது. முதல்நாள் பறித்து வைப்பதிற் பயனில்லை. மல்லிகையைப் பின்னேரம் மொட்டாகப் பறித்தால் பூசை வேளையில் மலரும். இவ்விரண்டையும் வளவிலேயே வைத்திருப்பவருக்குச் சந்தைப் பூ கடைசி மூன்று நாளுக்கு மட்டும் போதும்.

கடைசியாக, ஒவ்வொரு நாளின் எதிரிலும் ஒரு பெயரை எழுதினோம். பட்டியலில் மிக முக்கியமான பகுதி இதுவே என்று கருதுகிறேன். கடலை ஊறவைப்பவன் நான், அவிப்பவனும் நானே. தேங்காய் துருவுவது மகன். விளக்குத் துடைத்துத் திரியிடுவது மருமகள். பூப்பறிப்பது மூத்த பேரன். உயர்தர வகுப்பிற் படிக்கும் பேத்தியின் பெயரைச் சனிக்கும் ஞாயிற்றுக்கும் மட்டுமே எழுதினோம். அதுவும் அவள் கேட்டதால். என் மனைவியின் பெயர் எந்த நாளிலும் இல்லை. "அப்ப நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். "நீர் இருந்து பூசை செய்யும்" என்றேன். ஒருநேர உணவோடு விரதம் இருப்பவளே நாளெல்லாம் அடுப்படியில் நின்று, ஆராத்தி எடுக்கும் கணத்தில் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவதுதான் எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டாக நடந்த முறை. கடைசி மூன்றிரவிலும் சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாட்டையும் அவள் முழுவதும் இருந்து பாடியதை அந்த ஆண்டிற்றான் முதன்முறை கேட்டேன்.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. என் நண்பர் ஒருவர், "பக்தியைப் பட்டியலில் அடக்குகிறீர்; அம்பாளுக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று கடிந்தார். கணக்குப் பார்ப்பது அம்பாளுக்கன்று, அடுப்படியில் நிற்பவளுக்கு. பட்டியல் இல்லாத வீடுகளிலும் கணக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது; அது ஒருத்தியின் தலைக்குள் நடக்கிறது, ஆதலால் மற்றவர்க்குத் தெரிவதில்லை. அவள் ஒருநாள் விழுந்துவிட்டால் வீடு முழுவதும் என்னைப் போல் விழிக்கிறது.

வேறு சிலர், ஒன்பது நாளும் வேண்டாம், கடைசி மூன்று நாள் மட்டும் செய்தாற் போதும் என்கின்றனர். அப்படிச் செய்யும் வீடுகள் பல உண்டு. அதிற் குறையேதும் காணேன். ஆளும் பொருளும் இல்லாத வீட்டில், ஒன்பது நாளை இழுத்துப் பறித்துச் செய்வதைவிட மூன்று நாளை நிறைவாகச் செய்வது மேல். ஆனால் மூன்று நாளையும் ஒருத்தியே சுமந்தால் அது ஒன்பது நாளின் சுமையே. பட்டியல் எழுதுவதால் மட்டும் கைகள் பெருகிவிடா என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெயர்கள் எழுதப்பட்டபின் அப்பெயருடையோர் எழுந்து வரவேண்டும். எங்கள் வீட்டிலும் புதன்கிழமை மகன் வரப் பிந்தினான். பயறு தேங்காயில்லாமலே படைக்கப்பட்டது. அம்பாள் அதை மறுத்ததாகத் தெரியவில்லை.

ஒக்டோபர் முதலாந் திகதி இரவு, வடையும் பொங்கலும் படைத்து, அயலார் சென்றபின் ஒன்பது மணிக்கெல்லாம் அடுப்படி துடைக்கப்பட்டுவிட்டது. பச்சையரிசியும் தட்டமும் புதுச் சிலேற்றும் கும்பத்தருகே எடுத்துவைக்கப்பட்டிருந்தன. மறுநாட் காலையில் முளைகள் ஒரு சாண் உயரத்துக்கு நின்றன. குருக்கள் பேரனின் விரலைப் பிடித்து அரிசியில் முதலெழுத்தை எழுதுவித்தபோது வீட்டார் அனைவரும் குளித்து உடுத்து உறக்கம் தெளிந்த கண்களோடு சூழ்ந்து நின்றோம். என் மக்களுக்கு ஏடு தொடக்கிய நாள்களில் அவர்களின் தாய் எங்கே நின்றாள் என்று நினைத்துப் பார்த்தேன். அடுப்படியில் நின்றிருப்பாள். இம்முறை அவள் பேரனின் பக்கத்தில் அமர்ந்திருந்தாள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் ஒன்று கூறி அமைகிறேன். அடுத்த வாணி விழாவில் மும்மூர்த்தியரின் சத்திகளைப் பற்றிப் பேசுமுன், உங்கள் வீட்டில் நாளை மாலைக்குரிய கடலையை இன்று யார் நினைத்திருக்கிறார் என்று கேளுங்கள். விடையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருமாயின், ஒரு தாளை எடுத்துப் பத்தாம் நாளை முதலில் எழுதுங்கள்.